மூன்றரை நிமிடத்தில் ஒரு வீடு

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் சென்னையில் ஃப்ளாட் வாங்க நினைத்தால், முதலில் அவர் கைக்கு வருவது வீட்டுச் சாவி அல்ல, ஒரு வீடியோ. கோயம்புத்தூரில் இருப்பவருக்கும் அப்படித்தான். வீடியோவைப் பார்த்த பிறகே விடுப்பு எடுப்பதா, ரயிலேறுவதா, அண்ணனை அனுப்பிப் பார்க்கச் சொல்வதா என்று முடிவு செய்கிறார். அப்படி வரும் வீடியோக்கள் பலவற்றில் இசை இருக்கும், ட்ரோன் காட்சி இருக்கும், பளபளக்கும் டைல்ஸ் இருக்கும். பார்த்து முடித்தவரிடம் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

வீட்டு வீடியோவின் வேலை ஒன்றுதான். பார்த்து முடித்தவர் ஒரு தாளை எடுத்து அந்த வீட்டின் வரைபடத்தைத் தோராயமாகப் போட்டுக் காட்ட முடிய வேண்டும். எந்த அறைக்குப் பின் எந்த அறை, எங்கே பேச வேண்டும், எத்தனை நிமிடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைக்கிறது.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். விற்கும்போது 950 சதுர அடி என்று சொல்வார்கள். சுவருக்குள் புழங்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, 675 சதுர அடி. வாசல் கிழக்கு பார்த்தது. உள்ளே நுழைந்து மேற்கு நோக்கி நடந்தால் முதலில் ஹால். இடது கைப்பக்கம் சமையலறை, அதை ஒட்டித் துணி துவைக்கும் சர்வீஸ் ஏரியா. வலது கைப்பக்கம் தெருவைப் பார்த்த பால்கனி. ஹாலின் மறுமுனையில் சின்ன நடை. அதன் முடிவில் பொதுக் குளியலறை, வலப்புறம் சின்ன பெட்ரூம், இடப்புறம் குளியலறையோடு சேர்ந்த பெரிய பெட்ரூம். சென்னையில் ஆயிரக்கணக்கான ஃப்ளாட்கள் ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

கேமராவை எடுப்பதற்கு முன் இந்த அமைப்பை ஒரு தாளில் போட்டு, நடக்கப்போகும் பாதையை அம்புக்குறியாக வரைய வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் படம் பிடிக்கப் போகிறவர் அழகாக இருக்கும் அறையை முதலில் எடுப்பார், பிறகு அடுத்த அழகான அறைக்குத் தாவுவார். பெரிய பெட்ரூமிலிருந்து வெட்டிப் பால்கனி, பால்கனியிலிருந்து வெட்டிச் சமையலறை என்று போகும் வீடியோவில் ஒவ்வொரு அறையும் தனித் தீவாகிவிடும். அறைகளுக்கு நடுவே கதவுகளும் நடைகளும் இருந்தால்தான் அது வீடு.

பாதை தெருவிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டின் முன் தெரு எவ்வளவு அகலம், எதிரே என்ன இருக்கிறது, இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமுண்டா என்பதை நம் ஊரில் வீடு வாங்குகிறவர் முதலில் பார்க்கிறார். கேட், கார் நிறுத்துமிடம் என்று அடுத்தடுத்துப் போகலாம். லிஃப்டில் ஏறும் நேரத்தை முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. லிஃப்டின் கதவு திறப்பதைக் காட்டி, அங்கே வெட்டி, ஃப்ளாட்டின் வாசலில் மறுபடி தொடங்கினால் போதும்.

வாசலுக்குள் நுழைந்த பிறகு வெட்டே கூடாது என்பது நல்ல விதி. ஒரே ஓட்டமாக எடுத்த காட்சியில் எதையும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வரும். தவிர்க்க முடியாமல் வெட்ட நேர்ந்தால் கதவு நிலையில் வெட்டி, அதே நிலையிலிருந்து தொடர வேண்டும். அறையின் நடுவில் வெட்டினால் திசை குழம்பிவிடும்.

ஒவ்வொரு அறையையும் இரண்டு இடங்களில் நின்று காட்ட வேண்டும். முதலில் கதவு நிலையில் நின்று ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். பிறகு எதிர்மூலைக்கு நடந்து போய், வந்த கதவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பார்வையைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவர், அலமாரி, மேலே உள்ள பரண், சில வீடுகளில் ஈரம் கோத்த மூலை எல்லாம் இந்தத் திரும்பும் பார்வையில்தான் தெரியும். அறை எதோடு சேர்ந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் மனத்தில் பதியும்.

மடிப்பாக்கம் ஃப்ளாட்டில் ஹாலுக்குப் பிறகு சமையலறை, சர்வீஸ் ஏரியா. மீண்டும் ஹால் வழியாக நடை, பொதுக் குளியலறை, சின்ன பெட்ரூம், பெரிய பெட்ரூம். பால்கனி ஹாலை ஒட்டியே இருந்தாலும் முதல் சுற்றில் அதற்குள் போக வேண்டாம். அதைக் கடைசிக்கு வைத்தால் இரண்டு லாபம். பெரிய பெட்ரூமிலிருந்து பால்கனிக்கு வர ஹாலை மறுபடி, இந்த முறை எதிர்த்திசையில் கடக்க வேண்டியிருக்கும். எட்டு விநாடிதான் ஆகும். ஆனால் அந்த எட்டு விநாடியில்தான் பார்ப்பவரின் தலைக்குள் வரைபடம் முழுமையாகிறது. அடுத்து, பால்கனியிலிருந்து கீழே பார்க்கும்போது முதலில் காட்டிய அதே தெருவும் கேட்டும் தெரியும். ஃப்ளாட் கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஒரு காட்சியே பதில்.

குளியலறையைக் காட்டாமல் விடுவது பெரிய தவறு. வாங்குகிறவர் அங்கேதான் குழாயையும், சுவரின் ஈரத்தையும், தரையின் வாட்டத்தையும் தேடுவார். காட்டாவிட்டால் ஏதோ இருக்கிறது என்றே எண்ணுவார். பூஜை அலமாரி, ஷூ வைக்கும் இடம், வாஷிங் மெஷினுக்கான குழாயும் ப்ளக்கும், மின்சார மீட்டர் இருக்கும் இடம் ஆகியவையும் பாதையில் இடம்பெற வேண்டும். இவற்றுக்கு ஒன்றிரண்டு விநாடி நின்றாலே போதும்.

இனி பேச்சு. "இது ஹால்", "இது கிச்சன்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை, கண்ணுக்கே தெரிகிறது. "விசாலமான", "அழகான", "காற்றோட்டமான" போன்ற சொற்களும் அப்படியே. கேமராவால் காட்ட முடியாததை மட்டும் குரல் சொல்ல வேண்டும். அளவு, திசை, தண்ணீர், மாதச் செலவு, கட்டடத்தின் வயது, மழை நாளில் தெருவின் நிலை என்று அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

அளவை எடுத்துக்கொள்வோம். போன் கேமராவின் அகலக்கோண லென்ஸில், அதாவது திரையில் 0.5 என்று காட்டும் நிலையில், பத்தடி அறை பதினைந்தடி போலத் தெரியும். ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுத்து நீட்டியது போல ஆகிவிடும். நேரில் வருகிறவர் கதவைத் திறந்ததும் ஏமாந்து போவார். பேரம் பேசும் மனநிலையே அதோடு கெட்டுவிடும். முடிந்தவரை 1 என்ற சாதாரண லென்ஸிலேயே எடுக்க வேண்டும். குளியலறை போன்ற இடத்தில் வேறு வழியில்லாமல் அகலக்கோணத்துக்குப் போனால் அளவை வாயால் சொல்லிவிட வேண்டும். டேப் பிடித்து, சுவருக்குச் சுவர் அளந்த அளவாக அது இருக்கட்டும்.

அடிக்கணக்கு எல்லோருக்கும் மனத்தில் ஓடாது. "பதினொன்றுக்குப் பத்து" என்பதோடு, "குயின் சைஸ் கட்டில் போட்டால் பக்கத்தில் அலமாரியும் திறக்கும், நடக்கவும் இடமிருக்கும்" என்று சேர்த்துச் சொன்னால் உடனே புரியும். குயின் சைஸ் மெத்தை பொதுவாக 5 அடி அகலம், 6½ அடி நீளம். கிங் சைஸ் 6 அடி அகலம். எந்த அறையில் எது கொள்ளும் என்று முன்கூட்டியே அளந்து பார்த்திருக்க வேண்டும்.

சதுர அடி சொல்லும்போது எந்தச் சதுர அடி என்பதையும் சொல்வது நேர்மை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான விளக்கம் உண்டு. உள்சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர்களும், அந்த வீட்டுக்கே உரிய பால்கனியும், திறந்த மொட்டை மாடியும் சேராது. ஆகவே "கார்பெட் ஏரியா 675, பால்கனி தனியாக 44" என்று சொல்வதே சரி. பொது நடையும் லிஃப்டும் படிக்கட்டும் சேர்ந்த 950-ஐ மட்டும் சொல்லி, 675 சதுர அடி வீட்டைக் காட்டினால், வரைபடத்தை வாங்கிப் பார்க்கும் நாளில் கேள்வி வரும். நிலத்தில் வரும் பிரிக்கப்படாத பங்கான யூ.டி.எஸ். எவ்வளவு என்பதையும் நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். பத்திரத்தைப் பார்த்து அதே எண்ணைச் சொல்ல வேண்டும்.

திசை விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. தெரு வடக்கே இருப்பதால் கட்டடம் "வடக்குப் பார்த்தது". அதற்குள் இருக்கும் ஃப்ளாட்டின் வாசலோ கிழக்குப் பார்த்ததாக இருக்கலாம். வாஸ்து பார்க்கிறவருக்கு வேண்டியது ஃப்ளாட்டின் வாசல். வீட்டுக்குள் நின்று வெளியே பார்க்கும்போது முகம் இருக்கும் திசைதான் அது. போனில் உள்ள திசைகாட்டியை இரும்புக் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து, சரியானதைச் சொல்ல வேண்டும். வாஸ்துவில் நம்பிக்கை இல்லாதவருக்கும் திசை தேவைதான். பெட்ரூம் ஜன்னல் மேற்கே இருந்தால் மாலை வெயில் சுவரைச் சுட வைக்கும், அவர் ஏ.சி. செலவைக் கணக்கிடுவார்.

தண்ணீரைப் பற்றி ஒரு முழு வாக்கியம் வேண்டும். மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வருமா, அதற்கு மாதம் எவ்வளவு பிரிக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மழையைப் பற்றியும் ஒரு வாக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையையும் கண்ட பிறகு, தென்சென்னையில் வீடு பார்க்கிற யாரும் "தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கார் நிறுத்துமிடத்தைக் காட்டும் இடத்தில், தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் தொட்டுக் காட்டிச் சொன்னால், வேறு எந்தச் சொல்லாலும் கிடைக்காத நம்பிக்கை அந்த வீடியோவுக்குக் கிடைக்கும். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லலாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்த ஃப்ளாட்டின் முதல் பதினைந்து விநாடிக்கான பேச்சு இப்படி இருக்கலாம்: "மடிப்பாக்கத்துல ரெண்டாவது மாடி, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். வாசல் கிழக்கு. கார்பெட் ஏரியா 675 சதுர அடி, பால்கனி தனி. கட்டி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. லிஃப்ட் இருக்கு, மூடின கார் பார்க்கிங் ஒண்ணு இருக்கு." இதைச் சொல்லும்போது திரையில் தெரு ஓடிக்கொண்டிருக்கும். லோகோவும் இசையும் வணக்கமும் இந்த விநாடிகளைத் தின்றுவிட்டால், வேறு ஏரியா தேடுகிறவரும் தேவையில்லாமல் காத்திருப்பார், சரியானவரும் பொறுமையிழந்து போய்விடுவார்.

சமையலறையில்: "மேடை பதினொரு அடி, எல் வடிவம். சின்க் ஜன்னலுக்குக் கீழே. பைப் காஸ் இல்ல, சிலிண்டர்தான். பின்னாடி சர்வீஸ் ஏரியாவுல வாஷிங் மெஷின் பாயிண்ட் இருக்கு." இவ்வளவு போதும். பேசி முடித்த பிறகும் கேமரா சில விநாடி அமைதியாக மேடையைக் காட்டட்டும். இப்படி நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் வரும். மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை நிமிட வீடியோவுக்கு ஏறக்குறைய இருநூறு சொற்கள். அதற்கு மேல் எழுதியிருந்தால், கண்ணுக்குத் தெரிவதையே வாய் திரும்பச் சொல்கிறது என்று பொருள்.

நடந்துகொண்டே பேசுவதைவிட, முதலில் படத்தை எடுத்துவிட்டுப் பிறகு குரலைப் பதிவு செய்வதே எளிது. காலி வீட்டில் குரல் எதிரொலிக்கும், மூச்சு வாங்கும், ஒரு சொல் தவறினால் மொத்த நடையையும் மீண்டும் நடக்க வேண்டியிருக்கும். பால்கனியில் மட்டும் பேச்சை நிறுத்தி, ஐந்து விநாடி அங்கே பதிவான சத்தத்தையே விட வேண்டும். பிரதான சாலையின் ஹாரனா, பள்ளிக்கூட மணியா, அமைதியா என்பதை வாங்குகிறவர் தம் காதாலேயே கேட்கட்டும்.

நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வீட்டை அதற்குள் திணிக்கக் கூடாது. பாதையைப் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் தேவையான விநாடிகளைக் கூட்டினால் நீளம் தானே வரும். மடிப்பாக்கம் ஃப்ளாட்டுக்கு வந்த கணக்கு இது:

00:00 தெரு, கேட்
00:15 கார் பார்க்கிங், லிஃப்ட்
00:30 ஹால்
01:00 சமையலறை, சர்வீஸ் ஏரியா
01:40 நடை, பொதுக் குளியலறை
01:55 சின்ன பெட்ரூம்
02:15 பெரிய பெட்ரூம், குளியலறை
02:55 ஹால் வழியாகப் பால்கனி
03:20 வரைபடம்

கடைசிப் பதினைந்து விநாடி, அளவுகள் எழுதிய வரைபடம் திரையில் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளலாம். மொத்தம் 3 நிமிடம் 35 விநாடி. இந்தப் பட்டியலை அப்படியே யூடியூப் விளக்கத்தில் ஒட்டினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். அதற்கு முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வரிசையாக வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. குடும்பத்தோடு இரண்டாம் முறை பார்க்கிறவர்கள் நேரே சமையலறைக்குப் போவார்கள்; அவர்களுக்கு இது பெரிய வசதி.

தனி வீடு என்றால் மாடி, தோட்டம், கிணறு, பின்வாசல் என்று ஐந்து, ஆறு நிமிடம் வரை போகலாம். ஒரு பெட்ரூம் ஃப்ளாட் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்ஸ்டாகிராமுக்கோ வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கோ ஒரு நிமிடத் துண்டு தேவைப்பட்டால் அதை முழு வீடியோவின் முன்னோட்டமாக, தெரு, ஹால், சமையலறை, பால்கனி என்று நாலு காட்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு வீடியோவைப் போனைப் படுக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். நிமிர்த்தி எடுத்தால் தரையும் கூரையும் நிறையத் தெரியும், எதிரெதிர் சுவர்கள் ஒன்றாகத் தெரியாது. அறையின் அகலம் பிடிபடாது.

படப்பிடிப்பில் கெடுபவை சில. ஜன்னலை நோக்கித் திரும்பியதும் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்து அறையை இருட்டாக்கிவிடும். அறையின் நடுப்பகுதியைத் திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 30 பிரேம் என்ற அமைப்பில் எடுக்கும்போது சில விளக்குகளின் கீழ் திரையில் இருண்ட பட்டைகள் நகரும். அமைப்பை 25 பிரேமுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். போனை நெஞ்சுயரத்தில் பிடித்தால் சமையல் மேடையும் தரையும் சேர்ந்தே தெரியும். திருப்பும் வேகம், எடுக்கிறவருக்கே சலிப்பாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக இருந்தால்தான் பார்ப்பவருக்குச் சரியாக இருக்கும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும்.

குடியிருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. குடும்பப் படங்கள், குழந்தையின் பள்ளி அடையாள அட்டை, மேசையில் கிடக்கும் வங்கிக் கடிதம், கதவு எண், பீரோ இருக்கும் இடம் எதுவும் வீடியோவில் வரக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு வசதியான நேரத்தில்தான் எடுக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் எடுப்பவரும், அவர் பின்னால் நிற்கும் வீட்டுக்காரரும் தெரிவது வழக்கமான விபத்து. ஓரமாக நின்றால் தவிர்க்கலாம்.

வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நம்பகமான சோதனை உண்டு. அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருவருக்கு ஒருமுறை போட்டுக் காட்டி, கடைசியில் வரும் வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தி, தாளில் வரையச் சொல்ல வேண்டும். அவர் பெரிய பெட்ரூமை நடையின் வலப்பக்கம் போட்டால், நடையில் கேமரா மிக வேகமாகத் திரும்பியிருக்கிறது. சர்வீஸ் ஏரியாவைத் தனி அறையாக எங்கோ போட்டால், சமையலறையிலிருந்து அதற்குப் போகும் கதவு காட்சியில் இல்லை. எந்த இடத்தில் வரைபடம் தவறுகிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

விலையை மட்டும் குரலில் பதிவு செய்யாதீர்கள். யூடியூபில் ஒருமுறை ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே இணைப்பில் வேறொன்றை வைக்க முடியாது. விலை மாறினால் புதிதாக ஏற்ற வேண்டும், ஏற்கெனவே பலருக்கு அனுப்பிய இணைப்பு பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். விளக்கத்தின் முதல் வரியில் விலையை எழுதுங்கள், மாறும்போது அங்கே திருத்துங்கள். வீடு கைமாறிய அன்றே வீடியோவை நீக்கிவிடுங்கள். அது இப்போது வேறொருவரின் வீடு.